கழகத்தில் முதல் அறிமுகப் பேச்சு: ஒரே ஒரு ஈடுபாட்டை வைத்துத் தயாரிக்கும் முறை

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணியில் நடக்கும் பேச்சுக் கழகங்களில் புதிதாகச் சேர்ந்தவர் ஆற்றும் முதல் பேச்சுக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். உங்களை நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு, வாழ்க்கை வரலாறு முழுவதையும் சொல்லாமல், உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக் கதையுங்கள் என்று பல கழகங்களில் சொல்வார்கள். கேட்கும்போது லேசாகத்தான் இருக்கும். கொழும்பில் தமிழில் நடக்கும் கூட்டங்களுக்கு வரும் புதியவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து பார்த்ததில், கனபேர் சறுக்குவது தயாரிப்பின் வரிசையில். தொடக்கத்தை முதலில் எழுதுகிறார்கள், நேரத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

1. எழுத உட்காருமுன் கேட்டு வைக்க வேண்டியவை

கழகத்தில் கல்விக்குப் பொறுப்பான உபதலைவர் ஒருவர் இருப்பார். பேச்சுத் திகதியைத் தருபவர் அவர்தான். அவரிடம் முதலில் நேர அளவைக் கேளுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் ஐஸ் பிரேக்கருக்கு 4 முதல் 6 நிமிடம். 4 நிமிடத்தில் பச்சை விளக்கு, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு. இரு பக்கமும் 30 விநாடி சலுகை உண்டு. அதாவது மூன்றரை நிமிடத்துக்கு முன் முடித்தாலோ ஆறரை நிமிடத்தைத் தாண்டினாலோ, அன்றைய சிறந்த பேச்சாளர் வாக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்காது. அதே பாணியில் நடக்கும் வேறு கழகங்கள் இரண்டு அல்லது மூன்று நிமிடம் மட்டும் தருவதும் உண்டு. இது தெரியாமல் எழுதத் தொடங்கினால் பாதியை வெட்டி எறிய வேண்டி வரும்.

அடுத்தது, உங்கள் பேச்சை மதிப்பிடப் போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரோடு முன்கூட்டியே இரண்டு வார்த்தை பேசி வைத்தால் கடைசிப் படியில் உதவும். மண்டபத்தில் ஒலிவாங்கி இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட மண்டபம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது ரயில் போகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2. ஈடுபாட்டைத் தேர்ந்தெடுப்பது

வாசிப்பு, இசை, பயணம். பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். தலைப்பில் பிழை இல்லை, அகலம்தான் அதிகம். “எனக்கு வாசிப்பு மிகவும் பிடிக்கும்” என்றால் கேட்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. “வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு குசினி மேசையில் இருந்து துப்பறியும் கதை வாசிப்பேன், கடைசி அத்தியாயத்தை மட்டும் விடியும்வரை தள்ளி வைப்பேன்” என்றால் ஒரு ஆள் தெரிகிறார்.

தேர்வு செய்ய நான் புதியவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பேன். இந்த மாதம் அதைச் செய்தீர்களா? அதனால் எப்போதாவது கையோ மனமோ பணமோ கொஞ்சம் நொந்ததா? முதல் கேள்வி, சின்ன வயதில் விட்டுப்போன பழைய பொழுதுபோக்குகளைக் கழித்துவிடும். “ஒருகாலத்தில் வயலின் படித்தேன்” என்று தொடங்கும் பேச்சு இன்றைய உங்களை அறிமுகப்படுத்தாது. இரண்டாவது கேள்வி, வெறும் விருப்பத்தையும் உண்மையான ஈடுபாட்டையும் பிரித்துக் காட்டும். நொந்த இடத்தில்தான் பெரும்பாலும் சொல்லத்தக்க சம்பவம் இருக்கும்.

3. ஒரு சம்பவத்தைப் பிடிப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பேச்சு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ஒரு தம்பியின் பேச்சை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. பழைய வால்வு ரேடியோக்களைத் திருத்துவது அவருடைய பித்து. அவருடைய முதல் வரைவு பிறந்த ஊர், பெற்றோர், பாடசாலை, உயர்தரத்தில் எடுத்த பாடங்கள், வேலை என்று வரிசையாகப் போனது. வாசித்துப் பார்த்தபோது ரேடியோ என்ற சொல் வரவே மூன்று நிமிடம் பிடித்தது. மேடையில் என்றால் ரேடியோவைத் திறக்கும்போது மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

அதை விட்டுவிட்டு இரண்டாவது வரைவு எழுதினார். வானொலியை யார் கண்டுபிடித்தார், வால்வு எப்படி வேலை செய்கிறது, இலங்கையில் ஒலிபரப்பு எப்போது தொடங்கியது என்று தகவல் ஏராளம். ஆனால் அது விரிவுரை. அந்தத் தாளை வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. இதுதான் நல்ல சோதனை: உங்கள் பேச்சை இன்னொருவர் அப்படியே பேச முடியுமென்றால் அதில் நீங்கள் இல்லை.

மூன்றாவது முறை அவரிடம் எழுத வேண்டாம் என்றேன். “முதல்முதலாகத் திருத்திய ரேடியோ எது? அன்று எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில் யார்?” என்று மட்டும் கேட்டேன். வந்த பதில் இதுதான். அவருடைய தாத்தாவின் ரேடியோ, வேலை செய்யாமல் கன வருடமாக வரவேற்பறையில் பூச்சாடி வைக்கப் பயன்பட்டு வந்தது. ஒரு ஞாயிறு அதை மின்னில் போட்டுப் பார்த்தார். பாட்டு வரவில்லை, “உம்ம்ம்” என்ற இரைச்சல் மட்டும் வந்தது. பழைய ரேடியோவில் மின்வழங்கிப் பகுதியில் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அப்படித்தான் இரையும். புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் அதற்குப் பொருந்தும் ஒன்றை வாங்கி வந்தார். பழையதைக் கழற்றப் போனபோது கையைத் தூக்கி அடித்தது. மின்னை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கி நிற்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அம்மா சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அன்று பின்னேரம் இரைச்சல் நின்று, ஒரு மனிதக் குரல் வந்தது.

இடம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, இன்னொரு ஆள் இருக்கிறார், ஒரு தடங்கல் இருக்கிறது, முன்பிருந்த நிலையிலிருந்து ஒன்று மாறியிருக்கிறது. உங்கள் சம்பவத்தில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடங்கல் இல்லாத சம்பவம் மேடையில் தற்பெருமையாகக் கேட்கும். இன்னொரு ஆள் இல்லாவிட்டால் உரையாடலுக்கு இடமில்லை, பேச்சு ஒரே சுருதியில் போகும்.

4. கடைசி வசனத்தை முதலில் எழுதுங்கள்

சம்பவம் கிடைத்ததும் தொடக்கத்துக்குத் தாவாதீர்கள். இந்தச் சம்பவத்தால் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று சபைக்குத் தெரிய வேண்டும்? அதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். பேச்சில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்யப்போவது அந்த வசனம்தான்.

தம்பி முதலில் எழுதியது, “விடாமுயற்சி இருந்தால் எதையும் சாதிக்கலாம்.” இது யார் கடைசியிலும் ஒட்டும். மறுபடி கேட்டதற்கு, “அலுவலகத்தில் கணக்கு ஒத்துவராவிட்டால் மற்றவர்கள் புதிதாகத் தொடங்குவார்கள், எனக்கு அந்தப் பிழை எங்கே என்று பார்க்காமல் விட மனம் வராது” என்றார். இதுதான் ஆள். ரேடியோவையும் கணக்கையும் ஒரே குணம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்வதற்குத்தான் சபை உட்கார்ந்திருக்கிறது.

கடைசி வசனமாக அவர் வைத்தது இது: “நீங்கள் தூக்கி எறிய முடிவெடுத்த சாமான் ஏதாவது வீட்டில் இருந்தால், குப்பைக்குப் போட முன்னம் எனக்கு ஒரு கோல் எடுங்கோ.” சிரிப்பும் வரும், இடைவேளையில் இரண்டு பேர் அவரைத் தேடி வந்து கதைக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

5. நேரத்தைப் பங்கு போடுவது

ஆறு நிமிடம் இருக்கிறதே என்று ஆறுக்கும் எழுதாதீர்கள். வீட்டில் நான்கரை நிமிடம் வரும்படி தயாரியுங்கள். சிரிப்பு, கைதட்டல், மறதி, ரயில் எல்லாம் சேர்ந்து மேடையில் அது ஐந்தைத் தொடும்.

அந்த நான்கரையில் தொடக்கத்துக்கு அரை நிமிடம், சம்பவத்துக்கு இரண்டரை, அந்த ஈடுபாடு இன்று உங்கள் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நிமிடம், முடிவுக்கு அரை நிமிடம். பெயர், ஊர், தொழில் எல்லாம் எங்கே போகும் என்று கேட்பீர்கள். அவை சம்பவத்துக்குள்ளேயே போகும். “எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில்” என்றால் ஊர் வந்துவிட்டது. “கணக்கு ஒத்துவராவிட்டால்” என்றால் தொழில் வந்துவிட்டது. மீதியைக் கூட்டத் தலைவர் உங்களை அழைக்கும்போது சொல்வார். அதற்காக மூன்று வரிக் குறிப்பொன்றை எழுதி அவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், சில வேளை உங்கள் கதையின் முடிவையே சொல்லிவிடுவார்.

தொழில்நுட்பச் சொற்களில் ஒன்றை மட்டும் வைத்திருங்கள். தம்பி கெப்பாசிட்டரை மட்டும் வைத்துக்கொண்டார். இரைச்சலை விளக்கவில்லை, வாயாலேயே “உம்ம்ம்” என்று காட்டினார். அது நின்ற இடத்தில் இரண்டு விநாடி பேசாமல் நின்றார். விளக்கம் எழுதியிருந்தால் நாற்பது விநாடி போயிருக்கும்.

6. இப்போது தொடக்கம்

தமிழ் மேடைக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. தமிழ்த்தாய்க்கு ஒரு வணக்கம், தலைவருக்கு ஒன்று, சான்றோருக்கு ஒன்று, பெரியோருக்கு ஒன்று, வாய்ப்புத் தந்தவர்களுக்கு நன்றி. கோயில் திருவிழாவிலும் பாடசாலைப் பரிசளிப்பிலும் அது பொருந்தும். இங்கே நேரக் கணிப்பாளர் நீங்கள் சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கியதுமே கடிகாரத்தை அழுத்திவிடுவார். வணக்கமும் கணக்கில்தான். “கூட்டத் தலைவர் அவர்களே, கழக நண்பர்களே, விருந்தினர்களே, வணக்கம்.” இவ்வளவு போதும்.

சிலர் இந்த வணக்கத்தையும் கடந்து நேரே முதல் வசனத்தில் இறங்கிவிட்டு, அதன் பிறகு வணக்கம் சொல்வார்கள். நன்றாகச் செய்தால் எடுபடும். முதல் பேச்சில் நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் நடுங்கும்போது பழகிய வணக்கம் மூச்சைச் சரிசெய்ய ஐந்தாறு விநாடி தரும்.

வணக்கத்துக்கு அடுத்த வசனம் சம்பவத்தின் வாசலாக இருக்கட்டும். தம்பியின் வசனம்: “எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் பூச்சாடி வைப்பதற்கு ஒரு ரேடியோ இருந்தது.” ரேடியோவில் ஏன் பூச்சாடி என்று சபை கேட்கத் தொடங்கிவிடும். “இன்று நான் எனது பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்” என்ற வசனத்தை வெட்டிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அது ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.

7. எந்தத் தமிழில் பேசுவது

எழுத்துத் தமிழில் எழுதி மனனம் செய்தவர்கள் ஒரு சொல்லை மறந்தால் முழு வசனத்தையும் இழப்பார்கள். “அச்சமயம் எனதன்னையார் விரைந்து வந்து வினவினார்” என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, அதனால் மூளை அதை மீட்டுத் தராது. கதை சொல்லும் பகுதி முழுவதும் நீங்கள் கதைக்கும் தமிழிலேயே இருக்கட்டும். வணக்கமும் முடிவும் வேண்டுமானால் கொஞ்சம் திருத்தமாக இருக்கலாம்.

கொழும்புச் சபை கலப்புச் சபை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், முஸ்லிம் நண்பர்கள் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் ஊர்ச்சொல்லை மறைக்க வேண்டாம், பக்கத்தில் புரியும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

கூட்டத்தில் தடுமாற்றச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். தமிழில் “ஆ…” அவ்வளவு வராது. “வந்து”, “அதாவது”, “என்னெண்டால்” இவைதான் வரும். அவற்றைத் தடுக்கிறேன் என்று மேடையில் போராடாதீர்கள். வசனம் முடிந்ததும் வாயை மூடும் பழக்கம் வந்தால் அவை தானாகக் குறையும். அடுத்த வசனம் வருமுன் சத்தத்தை விடாமல் வைத்திருக்க முயல்வதால்தான் “வந்து” வருகிறது.

8. ஒத்திகை

நின்றுகொண்டு, சத்தமாக, கைபேசியில் ஒலிப்பதிவு செய்து பேசுங்கள். மனதுக்குள் வாசித்து நேரம் பார்த்தால் கணக்கு பிழைக்கும், கண் வாயைவிட வேகமாக ஓடும். ஒரு நிமிடத்தில் நீங்கள் எத்தனை சொல் பேசுகிறீர்கள் என்று அந்தப் பதிவிலிருந்தே எண்ணிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. பெரும்பாலும் நூறை ஒட்டித்தான் வரும். ஆகவே நான்கரை நிமிடத்துக்கு நானூற்றைம்பது சொல்லுக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

நேரம் கூடினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், வெட்டுங்கள். வெட்டும் வரிசையும் இருக்கிறது. முதலில் தகவல், அடுத்தது இரண்டாவது உதாரணம், அதற்கு அடுத்தது வர்ணனை. உரையாடலில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும். தம்பி ரேடியோவின் நிறம், தயாரித்த நாடு, வாங்கிய ஆண்டு எல்லாவற்றையும் வெட்டினார். அம்மா போட்ட சத்தத்தை வைத்திருந்தார்.

முழுவதும் மனனம் வேண்டாம். முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் மட்டும் எழுத்துப் பிசகாமல் பாடமாக்குங்கள். இடையில் உள்ளதற்கு ஒரு சின்ன அட்டையில் ஐந்து சொல்: பூச்சாடி, உம்ம், புறக்கோட்டை, அம்மா, கணக்கு. முழுப் பேச்சையும் தாளில் கொண்டுபோனால் கண் தாளை விட்டு எழும்பாது.

9. அன்று மாலை

காலி வீதி நெரிசலைக் கணக்கில் எடுத்து, கூட்டம் தொடங்க அரை மணி முன்னமே போய்ச் சேருங்கள். போனதும் பேச்சு மேசைக்குப் பின்னால் நின்று விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில கழகங்களில் விளக்குக்குப் பதிலாக நிற அட்டை காட்டுவார்கள். அட்டையைப் பிடிப்பவர் ஓரத்தில் இருந்தால் உங்கள் கண்ணுக்குப் படாது, இடம் மாறி இருக்கச் சொல்லலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

பொருள் கொண்டுபோவதென்றால் எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். தொடக்கத்திலிருந்தே மேசையில் ரேடியோ இருந்தால் சபை ரேடியோவைத்தான் பார்க்கும். தம்பி சட்டைப் பையில் அந்தக் காய்ந்த கெப்பாசிட்டரை வைத்திருந்து, அது கதையில் வரும் இடத்தில் எடுத்துக் காட்டினார். கையளவு பொருளே போதும்.

பெயரைக் கூப்பிட்டதும் போய்க் கூட்டத் தலைவருக்குக் கைகொடுத்து, அவர் விலகிய பிறகு தொடங்குங்கள். பேசும்போது ரயில் வந்தால் அதற்கு மேலாகக் கத்த வேண்டாம். வசனத்தை முடித்து நின்று, போனதும் தொடருங்கள். கடிகாரம் நிற்காது, ஆனால் கத்திச் சொல்லும் வசனம் யாருக்கும் விளங்காது. அரை நிமிடச் சலுகை இதற்கும்தான்.

நடுவில் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காதீர்கள். என்ன எழுதியிருந்தீர்கள் என்று சபைக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்து அடுத்த சொல்லுக்குப் போங்கள். அதுவும் வராவிட்டால், சம்பவத்தில் கடைசியாக நின்ற இடத்தை மனதில் பார்த்து, அங்கே அடுத்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள். உண்மைச் சம்பவம் எடுக்கச் சொன்னதன் இன்னொரு பலன் இது. சிவப்பு எரிந்துவிட்டால் எங்கே நின்றாலும் பாடமாக்கிய கடைசி வசனத்துக்குத் தாவுங்கள்.

முடித்ததும் “எனது சிற்றுரையை நிறைவு செய்கிறேன், நன்றி வணக்கம்” என்று இழுக்க வேண்டியதில்லை. இந்தக் கழக முறையில் “கூட்டத் தலைவர் அவர்களே” என்று சொல்லி மேடையை அவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அவர் வந்து கைகொடுக்கும்வரை நின்று, பிறகு இறங்குங்கள்.

10. மதிப்பீட்டை வாங்கிக்கொள்வது

மதிப்பீட்டாளருக்கு 2 முதல் 3 நிமிடம்தான் உண்டு. அதனால் ஒன்றும் கேட்காமல் விட்டால் பெரும்பாலும் கையசைவு, கண் பார்வை என்று பொதுவாகச் சொல்லி முடிப்பார். கூட்டத்துக்கு முன்னமே ஒரு குறிப்பான கேள்வியைக் கொடுத்து வையுங்கள். தம்பி கேட்டது, “ரேடியோவிலிருந்து கணக்குக்குப் போன இடம் ஒட்டினதா, இல்லை வலிந்து கட்டினது போல இருந்ததா?” அதற்குக் கிடைத்த பதில், ஒட்டினது, ஆனால் அங்கே குரல் இறங்காமல் ஒரே வேகத்தில் கடந்துவிட்டீர்கள் என்பது.

மதிப்பீட்டின்போது பதில் சொல்லப் போகாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் ஒலிப்பதிவில் அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். பிறகு கல்விக்கான உபதலைவரிடம் சொல்லிப் பேச்சைப் பதிவுசெய்து, அடுத்த திகதியையும் அப்போதே கேட்டு எடுத்துவிடுங்கள்.